பம்புக்கு டி.ஓ.எல்.லா, சாஃப்ட் ஸ்டார்ட்டரா, டிரைவா? ஒரு அபார்ட்மென்ட் கொட்டேஷனைப் பிரித்துப் பார்க்கிறோம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு லிசனர் எங்களுக்கு ஒரு கொட்டேஷனை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அவர் இருப்பது சென்னையில் பத்து மாடி அபார்ட்மென்ட். இந்த வருஷம் அசோசியேஷன் கமிட்டியில் அவரையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். "நீங்க ஐ.டி.தானே தம்பி, டெக்னிக்கல் விஷயம் எல்லாம் நீங்களே பார்த்துக்கோங்க"ன்னு தலையில் கட்டிட்டாங்களாம். ஐ.டி.க்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் கேட்கலை!

கொட்டேஷன்ல இருந்த விஷயம் இதுதான். சம்ப்பில் இருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 10 குதிரைத்திறன் பம்புக்கு ஒரு டிரைவ் போடணும். போட்டா கரண்ட் பில் பாதியாகும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஓடும் 10 குதிரைத்திறன் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டா போதும். இரண்டு மோட்டாரும் ஒரே சைஸ். இரண்டுமே இப்போ சாதாரண ஸ்டார்ட்டரில்தான் ஓடுது.

அவர் கேட்ட கேள்வி: "இதுல கையெழுத்து போடலாமா?" போட வேண்டாம்னுதான் சொன்னோம். ஏன்னா அந்தக் கொட்டேஷன் கிட்டத்தட்ட தலைகீழா இருக்கு. ஏன் அப்படின்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

முதல்ல இந்த மூணு பெட்டிகளும் என்ன செய்யுதுன்னு தெரியணும். டி.ஓ.எல்., அதாவது டைரக்ட் ஆன்லைன், இருக்கிறதிலேயே எளிமையானது. ஒரு காண்டாக்டர், ஒரு ஓவர்லோட் ரிலே, அவ்வளவுதான். பச்சை பட்டனை அழுத்தினா 415 வோல்ட்டும் அப்படியே மோட்டாருக்குப் போகும். நின்றுகொண்டிருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு முழு வோல்டேஜ் கொடுத்தா, அது தன்னுடைய வழக்கமான கரண்டைப் போல ஆறு, ஏழு மடங்கு இழுக்கும். நம்ம 10 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 14 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடி மட்டும் 90 ஆம்பியர் வாக்கில் போகும்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர்ல ஒவ்வொரு ஃபேஸிலும் தைரிஸ்டர்கள் இருக்கும். அவை ஏ.சி. அலையின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்பும். அதனால மோட்டாருக்குப் போகும் வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். கரண்டை மூணு மடங்கு, நாலு மடங்குன்னு ஒரு எல்லைக்குள் வைக்கலாம். மோட்டார் வேகம் பிடிச்ச பிறகு ஒரு பைபாஸ் காண்டாக்டர் மூடிக்கும். தைரிஸ்டருக்கு வேலை முடிஞ்சது. இதுல கவனிக்க வேண்டியது, அது வோல்டேஜை மட்டும்தான் மாத்துது. ஃப்ரீக்வென்சி எப்பவும் 50 ஹெர்ட்ஸ்தான். அதனால மோட்டார் ஓட ஆரம்பிச்ச பிறகு அதன் வேகத்தை இந்தப் பெட்டியால் மாத்தவே முடியாது.

டிரைவ், அதாவது வி.எஃப்.டி., வேற சாதி. வரும் ஏ.சி.யை முதல்ல டி.சி.யா மாத்தி, கெப்பாசிட்டரில் வெச்சுக்கிட்டு, அதுல இருந்து தனக்கு வேண்டிய ஃப்ரீக்வென்சியில் புதுசா ஒரு ஏ.சி.யை உருவாக்கும். 5 ஹெர்ட்ஸ் கொடுத்தா மோட்டார் மெதுவா சுத்தும், 50 கொடுத்தா முழு வேகம். மோட்டாரை எப்பவும் அதுக்குப் பிடிச்ச நிலையிலேயே கூட்டிக்கிட்டுப் போறதால, ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் துள்ளுவதே இல்லை. 14 ஆம்பியரைத் தாண்டாமலேயே இந்த பம்பை எழுப்பிவிடலாம்.

நடுவுல ஸ்டார் டெல்டாவை விட்டுட்டீங்களேன்னு கமென்ட்ல வருவீங்க. தெரியும். அதுவும் நம்ம ஊர்ல எங்கும் இருக்கு. முதல்ல ஸ்டார்ல போட்டு கரண்டை மூன்றில் ஒரு பங்காக்கும், ஆனா டார்க்கும் மூன்றில் ஒரு பங்காயிடும். பிறகு டெல்டாவுக்கு மாறும் அந்த நொடியில் ஒரு உதறல் வரும். நிறுத்தும்போது டி.ஓ.எல். மாதிரியே பட்டுன்னு அறுத்துவிடும். இந்தக் கடைசி வரியை மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இப்போ அந்த அபார்ட்மென்டுக்கு வருவோம். கொட்டேஷனைத் தள்ளி வெச்சுட்டு, "உங்களுக்கு உண்மையில் என்னதான் பிரச்சினை?"ன்னு அவர்கிட்ட கேட்டோம். இரண்டு சொன்னார். ஒன்று, கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது யாராவது பம்ப் போட்டா லிஃப்ட் நின்னுடுது. இரண்டு, பம்ப் நிக்கும்போது பைப்ல "டம்"னு ஒரு சத்தம். மூன்றாவது மாடியில் குழந்தை முழிச்சுக்குதுன்னு ஒரு அம்மா தினமும் வாட்ஸப் குரூப்ல போடுறாங்க. போன வருஷம் இரண்டு தடவை பைப் ஜாயின்ட் வேற விட்டிருக்கு.

பார்த்தீங்களா, இதுல கரண்ட் பில் எங்கேயும் வரலை. ஒன்று ஸ்டார்ட் ஆகும்போது வரும் பிரச்சினை, இன்னொன்று நிறுத்தும்போது வரும் பிரச்சினை. ஓடும்போது அந்த பம்ப் சமர்த்தா ஓடிக்கிட்டிருக்கு. இந்த மூணு நேரத்தையும் தனித்தனியா பிரிச்சுப் பார்த்தாலே பாதிக் குழப்பம் போயிடும்.

அந்தப் "பாதி பில்" கணக்கு

டிரைவ் போட்டா பாதி பில் என்பது எங்கிருந்து வருது? அது பொய்க் கணக்கு கிடையாது. தப்பான இடத்தில் போட்ட கணக்கு. ஃபேனுக்கும் பம்புக்கும் அஃபினிட்டி விதிகள்னு மூணு உண்டு. வேகத்தைக் குறைச்சா ஃப்ளோ அதே விகிதத்தில் குறையும். அழுத்தம் வேகத்தின் இருமடியில் குறையும். சக்தி மும்மடியில் குறையும். 80 சதவீத வேகத்தில் ஓட்டினா, 0.8 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.8, அதாவது 51 சதவீத சக்திதான் செலவாகும். சேல்ஸ்மேன் காட்டும் வளைகோடு இதுதான்.

ஆனா இந்த மும்மடி விதி முழுசா வேலை செய்யணும்னா, பம்ப் எதிர்த்துப் போராடுவது பைப்பின் உராய்வை மட்டும்தான்னு இருக்கணும். நம்ம பம்ப் எதை எதிர்த்துப் போராடுது? உயரத்தை. சம்ப்பின் தண்ணீர் மட்டத்தில் இருந்து மாடித் தொட்டி வரைக்கும் 38 மீட்டர். பைப், வளைவுகள், வால்வு எல்லாத்திலும் உராய்வுக்குப் போவது சுமார் 6 மீட்டர். மொத்தம் 44 மீட்டர். இதுல 38 மீட்டர் எப்படி ஓட்டினாலும் கொடுத்தே ஆகணும். நீங்க மெதுவா ஏறினாலும் வேகமா ஏறினாலும் பத்தாவது மாடி பத்தாவது மாடியிலேதானே இருக்கும்?

அப்போ வேகத்தைக் குறைச்சு மிச்சம் பிடிக்கக்கூடியது அந்த 6 மீட்டரில்தான். உராய்வே இல்லைன்னு வெச்சுக்கிட்டாலும் 44-ல 6, அதாவது 14 சதவீதத்துக்கு மேல் ஒரு லிட்டருக்கான செலவைக் குறைக்கவே முடியாது. அதுலயும் டிரைவ் தன்னுடைய சூட்டுக்காக ஒரு 3 சதவீதம் எடுத்துக்கும். பம்ப் அதன் நல்ல புள்ளியை விட்டு நகர்வதால் அதன் திறனும் இறங்கும்.

இந்த பம்புக்கே போட்டுப் பார்த்தோம். 50 ஹெர்ட்ஸில் மணிக்கு 40,000 லிட்டர் ஏத்துது. அவுட்லெட் வால்வை முழுசா மூடினா இது 55 மீட்டர் வரைக்கும் அழுத்தம் கொடுக்கும். இதுக்கு ஷட் ஆஃப் ஹெட்னு பேர். 45 ஹெர்ட்ஸுக்கு இறக்கினா, வேகம் 10 சதவீதம்தான் குறையுது. ஆனா தண்ணீர் மணிக்கு 25,000 லிட்டரா விழுந்துடுது. ஒரு மணி நேர வேலைக்கு ஒரு மணி முப்பத்தாறு நிமிஷம். பம்பின் திறன் இறங்கினதையும் டிரைவின் நஷ்டத்தையும் சேர்த்தா, ஒரு லிட்டருக்கான யூனிட் கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் அதிகமாகக்கூட வரலாம். இன்னும் இறக்கி 41 ஹெர்ட்ஸுக்கு வந்தா பம்ப் சுத்தும், கரண்ட் எடுக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே போகாது. அந்த வேகத்தில் அதால 38 மீட்டரைத் தள்ள முடியாது.

பணமாகவும் பார்த்துடலாம். ஒரு நாளைக்கு 64,000 லிட்டர், ஒரு மணி முப்பத்தாறு நிமிஷம் ஓடும், 13 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வெச்சுக்கிட்டா சுமார் 105 ரூபாய். கனவுல வர அந்த 14 சதவீதம் முழுசா கிடைச்சாலும் நாளைக்குப் பதினைந்து ரூபாய். பாதி பில் எங்கே, பதினைந்து ரூபாய் எங்கே!

சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டா பில் குறையும்னு சொல்றவங்களும் இருக்காங்க. 90 ஆம்பியர்னு கேட்டா பயமாத்தான் இருக்கும். ஆனா அந்தக் கரண்டில் பெரும்பகுதி மீட்டரைச் சுத்த வைக்காத ரியாக்டிவ் கரண்ட். மொத்தமே ஒரு நொடி, இரண்டு நொடி. ஒரு ஸ்டார்ட்டுக்கு ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்கு கூட ஆகாது. அதை மிச்சம் பிடிச்சு யாரும் பணக்காரர் ஆனதில்லை.

ஜெனரேட்டரும் லிஃப்ட்டும்

இவங்க ஜெனரேட்டர் 40 கே.வி.ஏ. அது முழுசா கொடுக்கக்கூடியது 55 ஆம்பியர். லிஃப்ட், காரிடார் லைட் எல்லாம் சேர்த்து ஏற்கனவே 20 ஓடிக்கிட்டிருக்கு. அதுல யாரோ பம்ப் பட்டனை அழுத்தினா மேல 90 வந்து உக்காருது. ஜெனரேட்டர் முக்கும், வோல்டேஜ் சரியும், லிஃப்ட்டின் கன்ட்ரோல் "சப்ளை சரியில்லை"ன்னு நின்னுடும். உள்ளே இருக்கிறவர் கதை தனி.

மின் வாரிய சப்ளையில் இதே பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது லைட் லேசா கண் சிமிட்டும், அவ்வளவுதான். பின்னாடி இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் பெருசு, 90 ஆம்பியர் அதுக்குத் தூசி. அதனால "டி.ஓ.எல். நல்லதா கெட்டதா?" என்ற கேள்விக்குப் பதில் மோட்டாரில் இல்லை, அதுக்குப் பின்னாடி இருக்கிற சப்ளையில் இருக்கு. பலமான சப்ளை, சின்ன மோட்டார், பக்கத்தில் சம்ப், கீழேயே தொட்டின்னா டி.ஓ.எல்.லை மாத்தவே மாட்டேன். காண்டாக்டர் போச்சுன்னா தெருமுனை எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் மாத்திடுவார். காலை ஆறு மணிக்கு 120 வீட்டுக்குத் தண்ணீர் இல்லாதபோது அந்த அரை மணி நேரத்தின் அருமை தெரியும்.

இவங்களுக்கு முதல் தீர்வு செலவே இல்லாதது: ஜெனரேட்டர் ஓடும்போது பம்ப் எடுக்காதபடி பேனலில் ஒரு இன்டர்லாக். மாடித் தொட்டி நிறைஞ்சிருந்தா இரண்டு மணி நேர பவர் கட்டைத் தாண்டிடலாம். அது முடியாது, ஜெனரேட்டர்லயும் பம்ப் ஓடித்தான் ஆகணும்னா, சாஃப்ட் ஸ்டார்ட்டரில் கரண்டை மூணு மடங்கில் கட்டி 42 ஆம்பியருக்குக் கொண்டுவரலாம். ஏற்கனவே ஓடும் 20-ஐச் சேர்த்தா 62. சில நொடிகள்தான், பெரும்பாலும் ஜெனரேட்டர் தாங்கும். டிரைவ் போட்டா 15-க்குள் முடிஞ்சிடும். ஜெனரேட்டர் இன்னும் சின்னதா இருந்திருந்தா யோசிக்காம டிரைவ்தான் சொல்லியிருப்பேன்.

கரண்டை இன்னும் குறைச்சு வெச்சா இன்னும் நல்லதுதானேன்னு தோணும். இல்லை. டார்க் வோல்டேஜின் இருமடியில் விழும். வோல்டேஜைப் பாதியாக்கினா டார்க் கால்வாசி. ரொம்பக் கட்டிட்டீங்கன்னா மோட்டார் பாதி வேகத்துக்கு மேல் ஏற முடியாம முனகிக்கிட்டு நிக்கும், சூடாகும், ட்ரிப் ஆகும். ஸ்டார்ட்டர் சரியில்லைன்னு பழி அது மேல விழும்.

அந்த "டம்"

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். இவங்க பைப் மூணு இன்ச் ஜி.ஐ., மொத்த நீளம் 50 மீட்டர். அதுக்குள்ள இருக்கிற தண்ணீர் ஏறக்குறைய 250 கிலோ. கால் டன். அது நொடிக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான வேகத்தில் மேலே போய்க்கிட்டிருக்கு. காண்டாக்டர் விடுது. பம்பின் இம்பெல்லர் லேசானது, உடனே தளர்ந்துடும். கீழே இருந்து தள்ள ஆள் இல்லை, மேலே 38 மீட்டர் உயரத்தின் பாரம். தண்ணீர் அரை நொடிக்குள் நின்னு, திரும்பிக் கீழே விழ ஆரம்பிக்கும்.

அதைத் தடுக்கத்தான் பம்ப் பக்கத்தில் நான் ரிட்டர்ன் வால்வு இருக்கு. பழைய ஃப்ளாப் மாடல்னா அதோட கதவு மூட ஒரு கணம் தாமதமாகும். அந்தக் கணத்தில் தண்ணீர் கீழ்நோக்கி வேகம் பிடிச்சிடும். நொடிக்கு அரை மீட்டர் வேகம் வந்த பிறகு கதவு படார்னு மூடுதுன்னு வெச்சுக்கலாம். இரும்புப் பைப்பில் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் ஓடும். அதைக் கணக்கில் எடுத்தா, அந்த அரை மீட்டர் வேகத்தைத் திடீர்னு நிறுத்துவது மட்டுமே ஏறக்குறைய 60 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அடியைக் கொடுக்கும். ஏற்கனவே இருக்கிற 38 மீட்டருக்கு மேல இது. "டம்" சத்தமும், ஜாயின்ட் விடுவதும், குழந்தை முழிப்பதும் எல்லாம் ஒரே விஷயம்தான். இதைத்தான் வாட்டர் ஹாமர்னு சொல்றோம்.

கண்ணால பார்க்கணும்னா, நான் ரிட்டர்ன் வால்வுக்கு மேல் பக்கம் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்க. பம்பை நிறுத்துங்க. முள் ஒரு துள்ளு துள்ளி அடங்கினா அதுதான் அடி. சத்தம் பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது வருதா, நிக்கும்போது வருதான்னு வாட்ச்மேன் அண்ணாகிட்ட கேளுங்க, அவருக்குத் துல்லியமா தெரியும்.

டி.ஓ.எல்., ஸ்டார் டெல்டா இரண்டும் இங்கே உதவாது. முன்னாடி சொன்னேனே, ரெண்டும் பட்டுன்னு அறுத்துவிடும். டிரைவ், சாஃப்ட் ஸ்டார்ட்டர் இரண்டிலும் மெதுவா நிறுத்தும் வசதி உண்டு. ஆனா அதை எப்படி செட் பண்ணணும் என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

டிரைவில் 10 நொடி ஸ்டாப் டைம் போட்டாச்சுன்னு வெச்சுக்கலாம். 50 ஹெர்ட்ஸில் இருந்து பூஜ்யத்துக்கு 10 நொடி. நல்லா மெதுவாத்தானே இருக்குன்னு நினைப்போம். ஆனா நம்ம பம்ப் 41, 42 ஹெர்ட்ஸுக்கு வந்ததுமே தண்ணீரைத் தள்ளுவது நின்னுடுது, வால்வு மூடிடுது. அதாவது தண்ணீரைப் பொறுத்தவரை 50-ல இருந்து 42 வரைக்கும் உள்ள இறக்கம் மட்டும்தான் உண்மையான இறக்கம். 10 நொடியில் அதுக்குக் கிடைப்பது ஒன்றரை நொடிதான். மீதி எட்டரை நொடி பம்ப் சும்மா வெத்தா சுத்திக்கிட்டிருக்கு. அதனால 42 வரைக்கும் மெதுவா ஒரு ராம்ப், அதுக்குக் கீழே வேகமா இன்னொரு ராம்ப்னு வைக்கணும். இரண்டாவது ராம்ப் வசதி பெரும்பாலான டிரைவ்களில் இருக்கு, யாரும் தொடறதில்லை.

சாஃப்ட் ஸ்டார்ட்டரில் வேற சிக்கல். அது குறைப்பது வோல்டேஜை. வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலும் மோட்டாருக்குக் கையிருப்பு டார்க் நிறைய இருக்கிறதால வேகம் அசையவே அசையாது. ஓடிக்கிட்டே இருக்கும், ஓடிக்கிட்டே இருக்கும், வோல்டேஜ் 60 சதவீதம் வாக்கில் வந்ததும் பொத்துன்னு விழும். வெறும் வோல்டேஜ் ராம்ப் மட்டும் இருக்கிற மலிவான மாடலில் "சாஃப்ட் ஸ்டாப் போட்டும் சத்தம் போகலை"ன்னு புகார் வரக் காரணம் இதுதான். பம்புக்குன்னே டார்க்கைக் கண்காணிச்சு இறக்கும் மோடு உள்ள மாடல்கள் இருக்கு. கொட்டேஷனில் அந்த மோடு இருக்கான்னு கேட்டு எழுதி வாங்குங்க.

இதெல்லாம் நாமா நிறுத்தும்போது மட்டும்தான். கரண்ட் போயிடுச்சுன்னா? சாஃப்ட் ஸ்டார்ட்டருக்கும் கரண்ட் இல்லை, டிரைவுக்கும் கரண்ட் இல்லை. பம்ப் டி.ஓ.எல். மாதிரியே பட்டுன்னு நிக்கும். பவர் கட்டில் வரும் "டம்"மை எந்த எலக்ட்ரானிக் பெட்டியும் தடுக்காது. அதைத் தடுப்பது நல்ல ஸ்பிரிங் வெச்ச நான் ரிட்டர்ன் வால்வு. தண்ணீர் திரும்பி வேகம் பிடிக்கும் முன்னாடியே ஸ்பிரிங் கதவை மூடிடும். பெட்டியைவிட வால்வு விலை மிகக் குறைவு. அதனால நான் அந்தக் கமிட்டியில் இருந்தா முதல்ல வால்வை மாத்துவேன், ஒரு வாரம் கேட்பேன். அப்புறமும் சத்தம் இருந்தா பம்ப் ஸ்டாப் மோடு உள்ள சாஃப்ட் ஸ்டார்ட்டர். ஜெனரேட்டர் பிரச்சினையும் அதிலேயே தீர்ந்துடும். பைபாஸ் மூடின பிறகு சூடும் கிடையாது. காத்தோட்டமே இல்லாத, ஈரமும் தூசியுமா இருக்கிற பம்ப் ரூமுக்கு அது பெரிய விஷயம்.

சின்ன சைஸில் டிரைவுக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டருக்கும் விலை வித்தியாசம் இப்போ ரொம்பக் குறுகிப்போச்சு. அதனால "அதே விலைக்கு டிரைவே கிடைக்குதே"ன்னு நீங்க டிரைவ் வாங்கினா சண்டைக்கு வரமாட்டேன். ஸ்டார்ட்டுக்கும் ஸ்டாப்புக்கும் வாங்கறீங்கன்னு தெரிஞ்சு வாங்குங்க. கூடவே டிரைவ் படுத்தா நேரா ஓட்ட ஒரு பைபாஸ் டி.ஓ.எல். கட்டாயம் வைங்க.

ஃபேனுக்கு மட்டும் கதை மாறுது

பேஸ்மென்ட் ஃபேனுக்கு ஏத்த வேண்டிய உயரம் கிடையாது. காத்தை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் தள்ளுது, எதிர்ப்பு முழுசும் உராய்வு. அந்த மும்மடி விதிக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. அதோட இவங்க ஃபேன் டைமரில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் முழு வேகத்தில் ஓடுது. காலையில் எல்லாரும் ஆபீஸ் கிளம்பும் நேரமும், சாயங்காலம் திரும்பும் நேரமும் தவிர அங்கே புகை விட வண்டியே கிடையாது.

ஓடும்போது 8 கிலோவாட் எடுக்கும் ஃபேன், 60 சதவீத வேகத்தில் 22 சதவீத சக்திதான் கேட்கும். டிரைவின் நஷ்டம், குறைந்த லோடில் மோட்டாரின் நஷ்டம் எல்லாம் சேர்த்து 2 கிலோவாட்னு வெச்சுக்கலாம். மணிக்கு 6 யூனிட் மிச்சம். 16 மணி நேரத்தில் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓட விட்டாலும், மீதி 12 மணி நேரத்தில் 72 யூனிட். நாளைக்கு 570 ரூபாய்க்கு மேல. பம்பின் பதினைந்து ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே சைஸ் மோட்டார்!

டைமரில் பாதி நேரம் ஆஃப் பண்ணி வெச்சா போதாதான்னு கேட்கலாம். நல்ல கேள்வி. பாதி நேரம் நிறுத்தினா பாதி செலவு. அதே அளவு காத்தை, பாதி வேகத்தில் முழு நேரமும் ஓட்டித் தள்ளினா எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் செலவு. காத்தும் தேங்காது. கார்பன் மோனாக்சைடு சென்சார் ஒன்றை டிரைவோட இணைச்சுட்டா, புகை ஏறும்போது அதுவே வேகத்தைக் கூட்டிக்கும்.

இந்த ஃபேனுக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க. எதுக்குன்னே புரியலை. ஒருவேளை பெரிய சக்கரம் வெச்ச ஃபேன், ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குது, ஓவர்லோட் ரிலே ட்ரிப் ஆகுதுன்னு யாராவது சொல்லியிருக்கலாம். அப்படி இருந்தாலும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் அதைத் தீர்க்காது. ஒரு கனமான சக்கரத்தை 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் வேகம் பிடிக்க வைக்கும்போது, அந்தச் சக்கரம் கடைசியில் சேர்த்து வைக்கும் இயக்க ஆற்றலுக்குச் சமமான சூடாவது ரோட்டரில் இறங்கியே தீரும். வோல்டேஜைக் குறைச்சா அந்தச் சூடு குறையாது, நேரம்தான் நீளும். காத்தின் சுமையும் சேரும்போது சூடு கூடவே செய்யும். ஃப்ரீக்வென்சியையே கீழே இருந்து ஏத்திக்கிட்டு வரும் டிரைவில்தான் அது உண்மையில் குறையும்.

ஒரு எச்சரிக்கை. பல கட்டடங்களில் இதே ஃபேன்தான் தீ விபத்தின்போது புகையை வெளியேத்தவும் ஓடணும். அப்படின்னா ஃபயர் பேனலில் இருந்து சிக்னல் வந்ததும் சென்சாரை மதிக்காம முழு வேகத்துக்குப் போகணும், டிரைவ் செத்திருந்தாலும் பைபாஸில் ஓடணும். அதை வயரிங்கிலேயே கட்டிடுங்க, யாராவது ஓடிப்போய் ஸ்விட்ச் மாத்துவாங்கன்னு நம்பாதீங்க.

கடைசியா, பலர் கேட்ட போர்வெல் கேள்வி. சப்மெர்சிபிள் மோட்டார் 200 அடி கீழே இருக்கும், கேபிள் நீளம். டிரைவ் வெளியே விடுவது வழவழப்பான அலை இல்லை, சதுரம் சதுரமா வெட்டின துடிப்புகள். நீள கேபிளின் முனையில் அவை எதிரொலிச்சு, டிரைவுக்குள் இருக்கும் 580 வோல்ட் டி.சி. மோட்டார் முனையில் இருமடங்கு வரைக்கும் எகிறும். சாதாரண வைண்டிங் அதைத் தாங்காது. டிரைவ் போட்டு ஆறு மாசத்தில் மோட்டார் எரிஞ்சதுன்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். அவுட்புட் ஃபில்டர் இல்லாம போர்வெல்லுக்கு டிரைவ் போடாதீங்க, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டாதீங்க. அதன் த்ரஸ்ட் பேரிங்குக்கு அந்த வேகத்தில் தண்ணீர்ப் படலம் நிக்காது. வெறும் ஸ்டார்ட்டிங் கரண்டைக் குறைக்கணும்னா அங்கேயும் சாஃப்ட் ஸ்டார்ட்டரே போதும். ராம்பை மட்டும் சில நொடிகளுக்குள் வைங்க, நீட்டாதீங்க.